புட் வாங்குவதா, காலர் போடுவதா: சந்தை ஏறினால் பணம் எங்கிருந்து வரும்?

பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டே சரிவுக்கு அரண் கட்ட நம் சந்தையில் இரண்டு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன. ஒன்று, நிஃப்டி புட் ஆப்ஷன் வாங்கி வைப்பது; குறியீடு ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் அந்த வித்தியாசத்தை அது நமக்குத் தரும். இன்னொன்று, அதே புட்டை வாங்கி, அந்தச் செலவை ஈடுகட்ட மேலே ஒரு கால் ஆப்ஷனை விற்பது; குறியீடு அந்த மேல்மட்டத்தைத் தாண்டினால் வித்தியாசத்தை நாம் கொடுக்க வேண்டும். இரண்டாவதைக் காலர் என்கிறார்கள். கால் விற்று வரும் பணமும் புட்டுக்குக் கொடுக்கும் பணமும் சமமாகிவிட்டால் அதற்கு 'செலவில்லாத காலர்' என்று பெயர்.

சென்ற வருடம் என் சித்தப்பா என்னிடம் வந்தது இந்தப் பெயரைக் கேட்டுத்தான். "புட்டுக்கு முப்பதாயிரம் செலவாகும்கிறாங்க, காலருக்கு ஒண்ணுமே ஆகாதாமே. அப்புறம் ஏன்டா புட் வாங்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் அன்று உட்கார்ந்து அவருடைய பங்குகளை வைத்தே முழுக் கணக்கையும் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களைப் புரிவதற்கு எளிதாக உருட்டியிருக்கிறேன். நிஃப்டி 25,000 என்றும், ஒரு லாட், அதாவது வாங்க விற்க வேண்டிய குறைந்தபட்ச அளவு, 65 என்றும் வைத்துக்கொள்கிறேன். லாட் அளவு அவ்வப்போது மாறும். 2024 நவம்பரில்தான் 25-லிருந்து 75 ஆனது, அப்புறம் 65 ஆகக் குறைந்தது. நீங்கள் போடும்போது அன்றைய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் பங்குகள் மொத்தம் 27 லட்சம். பெரும்பாலும் வங்கி, வாகனம், கொஞ்சம் நடுத்தர நிறுவனங்கள். இந்தத் தொகுப்பு நிஃப்டியைவிடச் சற்று வேகமாக ஆடும். நிஃப்டி ஒரு சதவீதம் நகர்ந்தால் இவருடையது சராசரியாக 1.2 சதவீதம் நகர்ந்திருக்கிறது. அதாவது பீட்டா 1.2. ஆகவே அரண் போடவேண்டிய அளவு 27 லட்சம் அல்ல, அதை 1.2-ஆல் பெருக்கிய 32.4 லட்சம். ஒரு நிஃப்டி லாட்டின் மதிப்பு 25,000 × 65, அதாவது 16.25 லட்சம். இரண்டு லாட் போட்டால் 32.5 லட்சம். அழகாகப் பொருந்திவிட்டது. பீட்டாவை மறந்து 27 லட்சத்துக்குக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. ஒன்றரை லாட் என்று ஒன்று கிடையாது என்பதால் அவர்கள் ஒரே லாட்டோடு நிறுத்திவிடுவார்கள். சரிவு வந்தால் பாதிதான் மூடியிருக்கும்.

இப்போது விலை. மூன்று மாதத்தில் முடியும் 24,000 புட், அதாவது இப்போதைய மட்டத்திலிருந்து 4 சதவீதம் கீழே. சந்தை அமைதியாக இருக்கும் காலத்தில் இதற்கு ஏறத்தாழ 230 ரூபாய் ஆகும். இரண்டு லாட்டுக்கு 130 × 230, மொத்தம் 29,900 ரூபாய். இதற்கு எதிராக 26,500 காலை விற்றால் சுமார் 180 கிடைக்கும். நிகரச் செலவு 50 ரூபாய், இரண்டு லாட்டுக்கு 6,500. இன்னும் கீழே 26,300-ஐ ஒட்டிய காலை விற்றால் செலவு முழுதாகவே அடங்கிவிடும். தூர மாத ஆப்ஷன்களில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடைவெளி அதிகம். 500, 1,000 என்று முடியும் ஸ்ட்ரைக்குகளில், அதாவது ஆப்ஷனில் குறித்திருக்கும் மட்டங்களில்தான் ஓரளவு ஆள் இருப்பார்கள். அதனால் 26,500 என்றே வைத்துக்கொள்வோம். எப்படியும் இங்கே மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள், லிமிட் போட்டுக் காத்திருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். செலவை முழுதாக ஈடுகட்டும் கால் 5 சதவீதம் மேலே இருக்கிறது, புட் 4 சதவீதம் கீழே இருக்கிறது. பார்த்தால் நமக்குச் சாதகம் போலத் தெரிகிறது. ஆனால் மூன்று மாத நிஃப்டி ஃபியூச்சர் வட்டியைச் சேர்த்து 25,330-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆப்ஷன் விலை அதை மையமாக வைத்தே அமைகிறது. அங்கிருந்து பார்த்தால் புட் 5.3 சதவீதம் கீழே, கால் 3.8 சதவீதம்தான் மேலே. சரிவுக்குப் பயந்து புட் வாங்குபவர்கள் எப்போதும் அதிகம் என்பதால், அதே தூரத்தில் இருக்கும் காலைவிடப் புட் விலை தூக்கலாகவே இருக்கும். காலர் போடுபவர் விலை கூடிய சரக்கை வாங்கி, விலை குறைந்த சரக்கை விற்கிறார். கையைவிட்டு எதுவும் போகாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, மூன்று மாதம் கழித்து என்னவாகும் என்று பார்ப்போம்.

நிஃப்டி 14 சதவீதம் இறங்கி 21,500-க்கு வந்துவிட்டது என்று வைப்போம். பங்குகளில் நஷ்டம் சுமார் 4.54 லட்சம். புட் ஒவ்வொன்றும் 2,500 புள்ளி தரும். 130-ஆல் பெருக்கினால் 3.25 லட்சம். புட் மட்டும் வாங்கியவர், அதற்குக் கொடுத்த ப்ரீமியம் போக 2.95 லட்சம் பெறுகிறார். மொத்த நஷ்டம் 1.59 லட்சத்தில் நிற்கிறது. காலர் போட்டவருக்கு 1.35 லட்சம். சரிவில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான். காலர்காரருக்கு 23,000 ரூபாய் கூடுதல் லாபம்.

சந்தை நகராமல் அங்கேயே இருந்தால், புட்காரருக்கு 29,900 ரூபாய் கரைந்துபோகும், காலர்காரருக்கு 6,500. இதையே வருடத்துக்கு நான்கு முறை செய்தால் புட்டின் செலவு 1.2 லட்சம். 27 லட்சத்தில் இது 4.4 சதவீதம். ஆண்டுக்கு 12 சதவீதம் வருமானம் எதிர்பார்க்கும் ஒருவர் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறார். தொடர்ந்து புட் வாங்கிக்கொண்டே இருப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன் என்பதற்கு இந்த எண்ணே காரணம். புட்டை வாகனக் காப்பீட்டோடு ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு ஓரளவுக்குச் சரிதான், ஆனால் நம் வண்டியின் மதிப்பில் வருடத்துக்கு 4 சதவீதம் காப்பீடு கட்டி, அதிலும் முதல் 4 சதவீத சேதத்தை நாமே ஏற்றுக்கொள்ளச் சொன்னால் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்?

இப்போது மூன்றாவது நிலை. நிஃப்டி 14 சதவீதம் ஏறி 28,500. பங்குகளில் லாபம் 4.54 லட்சம். புட்காரர் 29,900-ஐ இழந்து 4.24 லட்சம் லாபத்தில் இருக்கிறார். காலர்காரர் விற்ற கால் ஒவ்வொன்றும் 2,000 புள்ளி நஷ்டம், மொத்தம் 2.6 லட்சம். எல்லாம் போக அவர் லாபம் 1.87 லட்சம். காகிதத்தில் பார்த்தால், "போகட்டும், லாபம் கொஞ்சம் குறைந்தது" என்றுதான் தோன்றும். காலரை விளக்கும் படங்களும் அப்படித்தான் காட்டும், ஒரு கோடு மேலே போய்ப் படுத்துக்கொள்ளும்.

நடப்பில் அது அப்படி இல்லை. லாபமான 4.54 லட்சம் பங்குகளுக்குள் இருக்கிறது, யாரும் அதைக் கையில் கொடுக்கவில்லை. நஷ்டமான 2.6 லட்சமோ ஆப்ஷன் முடியும் நாளான எக்ஸ்பைரிக்கு மறுநாள் டிரேடிங் கணக்கிலிருந்து ரொக்கமாக எடுக்கப்படும். நிஃப்டி ஆப்ஷன்கள் பணத்தில் தீர்க்கப்படுபவை. "என்னிடம்தான் பங்கு இருக்கிறதே" என்பதெல்லாம் அங்கே செல்லாது. பணம் இல்லையென்றால் பங்குகளை விற்க வேண்டும். விற்றால் மூலதன ஆதாய வரி. விற்காமல் இருக்கத்தானே இந்த ஏற்பாட்டையே செய்தோம்?

நான் சித்தப்பாவிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். "சந்தை இறங்கினா ரெண்டுமே உங்களைக் காப்பாத்தும் சித்தப்பா. ஏறினா ரெண்டரை லட்சம் ரொக்கம் எங்கேர்ந்து எடுப்பீங்க?" அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எஃப்டியை உடைக்கணும்" என்றார்.

ரொக்கம் தேவைப்படுவது கடைசி நாளில் மட்டும் அல்ல. கால் விற்ற அன்றே மார்ஜின் என்ற பிணைத்தொகையைக் கட்ட வேண்டும். ஒரு நிஃப்டி லாட்டுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை ஆகலாம். கையில் இருக்கும் பங்குகளையே அடகு வைத்து அதைக் கட்டலாம் என்பது உண்மை. ஆனால் பங்கின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் எடுத்துக்கொள்வார்கள். மார்ஜினில் பாதியாவது ரொக்கமாகவோ ரொக்கத்துக்கு ஈடான லிக்விட் ஃபண்டு, அரசுப் பத்திரம் போன்றவையாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் குறைகிற தொகைக்குப் புரோக்கர் வட்டி போடுவார். வாங்கிய புட் இந்த மார்ஜினைப் பெரிதாகக் குறைக்காது, ஏனென்றால் காலின் ஆபத்து மேல்பக்கம், புட் காப்பதோ கீழ்ப்பக்கம். சந்தை ஏற ஏற விற்ற காலின் மார்ஜினும் ஏறும். 2024 நவம்பரிலிருந்து செபி எக்ஸ்பைரி நாளன்று விற்ற குறியீட்டு ஆப்ஷன்களுக்குக் கூடுதலாக 2 சதவீதம் மார்ஜின் கேட்கிறது. புட் மட்டும் வாங்கியவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. முதல் நாள் பணம் கட்டிவிட்டால் அதற்குமேல் ஒரு ரூபாய்கூட அவரிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து, பீட்டா ஒரு சராசரிதான், வாக்குறுதி அல்ல. நம் பங்குகள் நிஃப்டியோடு சேர்ந்து ஓடாமல் போகலாம். உதாரணமாக ஒருவரிடம் ஐடி பங்குகள் நிறைய இருக்கின்றன, வங்கிகளும் ரிலையன்ஸும் சேர்ந்து நிஃப்டியை 14 சதவீதம் தூக்கிவிடுகின்றன, ஐடி அப்படியே கிடக்கிறது. புட்காரருக்குப் போவது ப்ரீமியம் மட்டும். காலர்காரருக்கோ பங்கில் லாபமே இல்லாமல் காலில் 2.6 லட்சம் நஷ்டம். அரணாக வாங்கியது புது ஆபத்தாக மாறுவது இங்கேதான். இதைப் போடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் நிஃப்டி நன்றாக ஏறிய மாதங்களை மட்டும் எடுத்து, அந்த மாதங்களில் உங்கள் தொகுப்பு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். பாதி மாதங்களில் பின்தங்கியிருந்தால் நிஃப்டி காலை விற்காதீர்கள்.

உண்மையில் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். 2024 மே 31 அன்று நிஃப்டி 22,530-ல் முடிந்தது. தேர்தல் முடிவு வர இரண்டு வர்த்தக நாள் இருந்தது, எல்லோருக்கும் பதற்றம். ஒருவர் அன்று ஜூன் மாத எக்ஸ்பைரிக்கு 21,500 புட் வாங்கி 23,500 கால் விற்றார் என்று வைப்போம். ஜூன் 4 அன்று முடிவுகள் வர வர நிஃப்டி 21,281 வரை விழுந்து, முந்தைய நாள் ஏறியிருந்த மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 6 சதவீத நஷ்டத்தோடு 21,884-ல் முடிந்தது. பயந்தது நடந்தேவிட்டது. ஆனால் ஜூன் 7-லேயே குறியீடு பழைய இடத்தைத் தாண்டி 23,290-க்கு வந்துவிட்டது. ஜூன் 27 எக்ஸ்பைரியில் 24,044. புட்டின் மதிப்பு பூஜ்யம். விற்ற காலில் 544 புள்ளி நஷ்டம். சரியாகக் கணித்த ஒரு சரிவுக்கு நடுவே காலர் போட்டிருந்தும், கடைசியில் பணம் கட்டியவர் இவர்தான். புட் மட்டும் வாங்கியவர் ப்ரீமியத்தை இழந்தார், ஆனால் 6.7 சதவீத ஏற்றம் முழுதும் அவருக்கே.

இதற்கு நேரெதிராக, அரண் உண்மையாகவே கைகொடுத்த காலம் 2020 மார்ச். பிப்ரவரி 20 அன்று நிஃப்டி 12,080. சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இந்தியா விக்ஸ் 14-ஐ ஒட்டி இருந்தது, அதாவது புட் மலிவு. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610; சந்தையையே முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். மார்ச் 26 எக்ஸ்பைரியில் 8,641. பிப்ரவரியில் 11,500 புட் வாங்கியவருக்கு அந்த எக்ஸ்பைரியில் ஒவ்வொன்றுக்கும் 2,859 புள்ளி. காலர் போட்டிருந்தாலும் அதேதான். இதுவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் அதற்கடுத்த நாள் தொடங்குகிறது. பழைய அரண் முடிந்துவிட்டது, புதிதாக மூன்று மாதத்துக்குப் போட வேண்டும். விக்ஸ் 80-ஐத் தாண்டிவிட்டு வந்த வாரம் அது. ஏற்ற இறக்கத்தை 50, 55 சதவீதம் என்று வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 சதவீதம் கீழே இருக்கும் மூன்று மாதப் புட்டுக்குக் குறியீட்டில் சுமார் எட்டரை சதவீதம் ஆகிறது. அமைதியான காலத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கிடைத்த அதே பொருள். இவ்வளவு கொடுக்க யாருக்கும் மனம் வராது. அப்போதுதான் 'செலவில்லாத காலர்' மிகவும் கவர்ச்சியாகத் தெரியும், ஏனென்றால் காலுக்கும் அதே அளவு விலை கிடைக்கிறது. அதே கணக்கில் செலவை முழுதாக ஈடுகட்டும் கால் 9,000-ஐ ஒட்டி வருகிறது, அதாவது 4 சதவீதம் மேலே. மூன்று மாதம் கழித்து ஜூன் 25 எக்ஸ்பைரியில் நிஃப்டி 10,300-ஐ நெருங்கி முடிந்தது. சரிவில் சம்பாதித்த பணத்தில் கிட்டத்தட்ட பாதியைக் காலர்காரர் மீட்சியில் திருப்பிக் கொடுத்திருப்பார். சரிவு வந்து முடிந்தபின் காலரைப் புதுப்பிப்பதுதான் அதில் நான் பார்க்கும் மிகப் பெரிய ஆபத்து. வழக்கமாகச் செய்கிறோம் என்பதற்காக அந்த நேரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ரோல் செய்துவிடக்கூடாது.

வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட எந்த ஒப்பீடும் பாதிதான். பங்குகளை ஒரு வருடத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். ஆனால் ஆப்ஷனில் வரும் லாபமும் நஷ்டமும் வியாபாரக் கணக்கில் போகும். 30 சதவீத வரம்பில் இருப்பவர் சரிவில் புட் மூலம் பெற்ற 2.95 லட்சத்துக்கு செஸ் சேர்த்து சுமார் 92,000 வரி கட்ட வேண்டும். பங்குகளில் இருக்கும் 4.54 லட்ச நஷ்டமோ விற்காததால் கணக்கிலேயே வராது. ஆக அரண் போட்டும் மெய்யான நஷ்டம் 1.59 லட்சம் அல்ல, இரண்டரை லட்சம். அரண் இல்லாமல் இருந்திருந்தால் 4.54 லட்சம் என்பதால் இன்னும் லாபம்தான், ஆனால் படத்தில் காட்டும் அளவுக்கு இல்லை.

காலரில் இதன் மறுபக்கம் இன்னும் உறுத்தும். சந்தை ஏறி, காலில் 2.6 லட்சம் நஷ்டமானால் அது வியாபார நஷ்டம். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வாடகை, வட்டி, அதே வருட மூலதன ஆதாயம் இவற்றில் கழிக்கலாம். மிச்சத்தை எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் அப்போது வியாபார லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். சம்பளம் மட்டுமே வருமானமாக இருக்கும் ஒருவருக்கு இந்த நஷ்டம் பெரும்பாலும் பயனில்லாமல் காகிதத்திலேயே கிடக்கும். ஏற்றத்தில் லாபம் குறைவதோடு, குறைந்த லாபத்துக்கு வரிச் சலுகையும் இல்லை.

இவ்வளவு சொன்னபிறகு காலர் வேண்டாத பொருள் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தின் பங்கு நிறைய வைத்திருப்பவர், அதை ஒரு குறிப்பிட்ட விலைக்குமேல் எப்படியும் விற்கத் தயாராக இருப்பவர், அவருக்கு அந்தப் பங்கின் ஆப்ஷன்களிலேயே போடும் காலர் மிகச் சரியான கருவி. தனிப் பங்கு ஆப்ஷன்கள் 2019 அக்டோபரிலிருந்து எல்லாமே பங்காகவே தீர்க்கப்படுகின்றன. விலை ஏறி, விற்ற காலின் ஸ்ட்ரைக்கைத் தாண்டி முடிந்தால், ரொக்கம் தேடி ஓட வேண்டியதில்லை, கையிலிருக்கும் பங்கைக் கொடுத்துவிடலாம். இறங்கினால் புட்டுக்கும் அதே பங்கைக் கொடுத்து ஸ்ட்ரைக் விலையைப் பெறலாம். நிஃப்டி காலரில் நான் சொன்ன இரண்டு குறைகளும், ரொக்கமும் பொருந்தாமையும், இங்கே இல்லை. ஆனால் பங்கின் எண்ணிக்கை லாட் அளவோடு ஒத்துப்போக வேண்டும். அடகில் இருக்கும் பங்குகளை எக்ஸ்பைரிக்கு முன்பே விடுவிக்க வேண்டும். எக்ஸ்பைரிக்கு முந்தைய சில நாட்களில் வாங்கிய புட்டுக்கே டெலிவரி மார்ஜின் கேட்பார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலான பங்குகளில் நடப்பு மாதத்தைத் தாண்டி ஆப்ஷன் வாங்க விற்க ஆளே இருக்காது என்பதுதான் பெரிய தடை. மாதாமாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

அன்று சித்தப்பாவோடு இன்னொரு கணக்கும் போட்டேன், அது அவரை மட்டுமல்ல, என்னையும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆப்ஷனின் டெல்டா என்பது, நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்று சொல்லும் எண். நாம் வாங்கிய 24,000 புட்டின் டெல்டா சுமார் 0.22. விற்ற காலுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது புட் வாங்கிய முதல் நாளில் தொகுப்பின் ஆட்டம் 22 சதவீதம் குறைகிறது. காலர் போட்டால் 44 சதவீதம் குறைகிறது. அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தால், காலர் போடுவது பங்குகளில் 44 சதவீதத்தை விற்றதற்குச் சமம். அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி: நேராக ஒரு பகுதியை விற்றுவிட்டால் என்ன? மார்ஜின் இல்லை, ரோல் இல்லை, எக்ஸ்பைரி இல்லை. விற்பதில் இருக்கும் ஒரே பெரிய செலவு மூலதன ஆதாய வரி. பல வருடம் முன்பு வாங்கி, விலையில் பெரும்பகுதி லாபமாக இருக்கும் பங்கு என்றால் அந்த வரி கனமாக இருக்கும், அங்கே ஆப்ஷன் அரணுக்கு நியாயம் உண்டு. இரண்டு வருடம் முன்பு வாங்கி 10 சதவீத லாபத்தில் இருக்கும் பங்கு என்றால் விற்பதே மலிவு.

சித்தப்பாவுக்கு இந்தப் பணம் முழுதும் உடனே தேவைப்படவில்லை. வீட்டு வேலைக்கு மூன்று மாதத்துக்குள் 8 லட்சம் வேண்டும், மிச்சம் பத்து வருடம் கிடந்தாலும் பரவாயில்லை. அவருடைய பயமும் அந்த 8 லட்சத்தைப் பற்றித்தான். அதைக் கண்டுபிடித்ததும் வேலை சுலபமாகிவிட்டது. லாபம் குறைவாக இருந்த பங்குகளாகப் பார்த்து 8 லட்சத்துக்கு விற்றார். ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் இருந்ததால் வரியே வரவில்லை. மிச்சம் 19 லட்சம், பீட்டாவைச் சேர்த்தால் 22.8 லட்சம். அதற்கு ஒரு லாட் போட்டால் 70 சதவீதம் மூடும், இரண்டு போட்டால் தேவைக்குமேல். ஒரு லாட் புட் மட்டும் வாங்கினார், 15,000 ரூபாய்க்குள் முடிந்தது. கால் விற்கவில்லை. ஏற்றம் வந்தால் கட்ட அவரிடம் ரொக்கம் இல்லை, வீட்டு வேலையில் எஃப்டி கரைந்துகொண்டிருந்தது.

புட் வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதையும் அன்றே ஒரு தாளில் எழுதி வைத்தோம், ஏனென்றால் சந்தை விழும் நாளில் யாருக்கும் நிதானம் இருக்காது. நிஃப்டி ஆப்ஷன்களை எக்ஸ்பைரிக்கு முன் எக்ஸர்சைஸ் செய்து பணம் பெற முடியாது, ஆனால் எந்த நாளும் சந்தையில் விற்கலாம். எங்கள் ஏற்பாடு இது: நிஃப்டி 22,500-க்குக் கீழே வந்தால் 24,000 புட்டை விற்றுவிட்டு, அதில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் 21,500 புட் வாங்குவது. 2024 ஜூனில் நடந்ததுபோல மூன்றே நாளில் சந்தை திரும்பினாலும் பெரும்பாலான லாபம் கைக்கு வந்திருக்கும். 2020 மார்ச் போலத் தொடர்ந்து விழுந்தாலும் ஓர் அரண் இருக்கும். சந்தை ஏறிவிட்டால் எதுவும் செய்வதில்லை, புட்டை அப்படியே முடியவிடுவது. எக்ஸ்பைரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது விக்ஸைப் பார்ப்பது. 20-க்குமேல் இருந்தால் அடுத்த மூன்று மாதத்துக்குப் புட் வாங்காமல், அதற்குப் பதில் இன்னும் ஒரு லட்சத்துக்குப் பங்கை விற்பது. 15-க்குக் கீழே இருந்து, வீட்டு வேலை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தால், இன்னொரு லாட் வாங்குவது.